ஃபெய்த்ஃபுலியா, சின்சியர்லியா, ரிகார்ட்ஸா? வேலைக் கடிதத்தை எந்தக் கொம்பனிக்கு எப்படி முடிப்பது

சி.வி.யை நாலு பேரிடம் காட்டித் திருத்தி வாங்கிவிட்டு, அதோடு போகும் கடிதத்தின் கடைசி வரியில் வந்து தடக்குப்பட்டு நிற்கிற பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். சாதாரணதர வகுப்பில் ஒரு விதி படித்திருப்பார்கள். ரியூஷனில் வேறொன்று சொல்லியிருப்பார்கள். கொழும்பில் வேலை செய்கிற அண்ணா, "இப்ப எல்லாரும் ரிகார்ட்ஸ்தான், அதையே போடு" என்பார். கனடாவில் இருக்கிற மாமா, சின்சியர்லி என்ற ஒரு சொல்லே போதும் என்பார். நாலு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் நாலும் நாலு விதமான கடிதத்துக்கு.

ஆங்கிலத்தில் எழுதும் வேலை விண்ணப்பத்தையும், அதன் பிறகு அந்தக் கொம்பனியோடு போய்வரும் மெயில்களையும் மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆட்கள் உண்மையிலேயே குழம்புவது அங்கேதான்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் பார்க்க வேண்டியது முடிவு வரியை அல்ல, தொடக்க வரியை. 'டியர்' என்று தொடங்கினீர்களே, அதற்குப் பின்னால் ஒரு ஆளின் பெயர் இருக்கிறதா, அல்லது சேர், மடம் என்று மட்டும் இருக்கிறதா? முடிவு வரி அதோடு சோடி சேர்ந்தது. சோடி பிழைத்தால், வாசிப்பவருக்கு இலக்கணப் பிழையைக் கண்டது போலத்தான் இருக்கும்.

அடுத்தது, தாளில் போகிறதா, மெயிலில் போகிறதா. மெயில் என்றால் அது முதலாவதா, மூன்றாவதா. பிறகு, வாசிக்கப்போகிற கந்தோரின் வழக்கம் என்ன: சேர் போட்டுப் பேசுகிற இடமா, முதலாளியையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடமா. கடைசியாக, வாசிப்பவர் பிரித்தானிய வழக்கத்தில் பழகியவரா, அமெரிக்க வழக்கத்திலா. இலங்கைக் கந்தோர்கள் பெரும்பாலும் பிரித்தானிய வழக்கம்தான். ஆனால் இங்கிருந்தபடியே அமெரிக்க ஆட்களுக்கு வேலை செய்கிறவர்களும் இப்போது இருக்கிறார்கள்.

| முடிவு வரி | எந்தத் தொடக்கத்தோடு | நன்றாகப் பொருந்தும் இடம் | உறுத்தும் இடம் |
|---|---|---|---|
| யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி | பெயர் இல்லாமல் சேர்/மடம் | அரச, சபை, வங்கி, பாடசாலை. தாள் கடிதம் | பெயர் போட்டுத் தொடங்கிய கடிதம், அமெரிக்கக் கொம்பனி |
| யுவர்ஸ் சின்சியர்லி | பெயர் போட்டது | ஆளின் பெயர் தெரிந்த முதல் விண்ணப்பம் | ஐந்தாறு மெயில் போய்வந்த பிறகு |
| சின்சியர்லி | இரண்டும் | அமெரிக்க, கனேடிய வாசகர் | பெரிதாக எங்கும் இல்லை |
| கைண்ட் / பெஸ்ட் ரிகார்ட்ஸ் | பெயர் போட்டது | மெயில், முக்கியமாக இரண்டாவதிலிருந்து | பதிவுத் தபாலில் போகும் தாள் கடிதம் |
| தாங்க் யூ | இரண்டும் | சின்னதாக ஒன்றைக் கேட்கும் மெயில் | விண்ணப்பக் கடிதத்தின் தனி முடிவாக |

## யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி

விளம்பரத்தில் 'செயலாளர்' என்றோ 'முகாமையாளர், மனிதவளப் பிரிவு' என்றோ பதவி மட்டும் இருந்தால், சேர்/மடம் என்று தொடங்கி இதைப் போட்டு முடிப்பதுதான் முறை. விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பு, உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுது என்று கேட்கிற இடங்கள் எல்லாம் இந்த வகை. அங்கே இந்த வரியை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். அதுதான் இதன் பெறுமதி. வேறொன்றைப் போட்டால்தான் கண்ணில் படும்.

இதற்கு ஒரு மறைவான விலை உண்டு. 'உங்கள் பெயரை நான் தேடிப் பார்க்கவில்லை' என்பதையும் இது சேர்த்தே சொல்லிவிடுகிறது. விளம்பரத்தின் அடியில் தொடர்புக்கு என்று ஒருவரின் பெயர் அச்சாகியிருக்கிறது, நீங்கள் சேர்/மடம் என்று தொடங்கி ஃபெய்த்ஃபுலி போட்டு முடிக்கிறீர்கள் என்றால், அந்த ஆள் விளங்கிக்கொள்வது ஒன்றுதான்: இந்தக் கடிதம் இருபது இடத்துக்குப் போயிருக்கிறது. அமெரிக்க வாசகருக்கோ இந்தச் சொல்லே பழைய வாசனை அடிக்கும். அவர்கள் இதை எழுதுவதே அரிது.

எங்கள் பக்கத்துக் கடிதங்களில் இதற்கு மேலே 'தாங்கிங் யூ' என்று ஒரு வரி தனியாகத் தொங்கும். அது பழைய காலத்து நீண்ட முடிவின் மிச்சம். உங்களுக்கு நன்றி கூறியபடி, ஐயா, உங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியனாக இருக்கிறேன் என்று முழு வசனமாக எழுதினார்கள். நடுப்பகுதி போய்விட்டது, தலையும் வாலும் மட்டும் நிற்கின்றன. பிழை என்று யாரும் விண்ணப்பத்தைத் தள்ளிவைக்கப் போவதில்லை. ஆனாலும் வாசித்தமைக்கு நன்றி என்று ஒரு முழு வசனமாகக் கடைசிப் பந்தியில் எழுதினால் இன்னும் நேர்த்தி.

## யுவர்ஸ் சின்சியர்லி

பெயர் தெரிந்தால் இதுதான். அதில் சந்தேகமே இல்லை. சிக்கல் முடிவு வரியில் இல்லை, பெயரில் இருக்கிறது. இதை எந்த வழிகாட்டியிலும் விளக்கமாகக் காணக் கிடைக்காது, ஏனென்றால் அவை எங்கள் பெயர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல.

ஆங்கில வழக்கத்தில் மிஸ்டர், மிஸ் என்பதற்குப் பின்னால் குடும்பப் பெயர் வரும். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயரும் சொந்தப் பெயரும்தான். முதலெழுத்து முன்னுக்கு வந்தால், அந்த எழுத்து தகப்பனுடையது, முழுதாக நிற்பது ஆளுடையது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு முழுப் பெயரைப் போடலாம். ஆனால் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் பலர் சொந்தப் பெயரை முன்னுக்கும் தகப்பனின் பெயரைப் பின்னுக்கும் முழுதாக எழுதுகிறார்கள். விதியை நம்பிக் கடைசிச் சொல்லை எடுத்தால் நீங்கள் கடிதம் எழுதுவது அவருடைய அப்பாவுக்கு. சிலர் அதற்குப் பழகிவிட்டார்கள், சிலருக்குச் சிரிப்பு வரும்.

சரி, என்ன செய்வது? விளம்பரத்திலோ அவருடைய மெயிலின் அடியிலோ பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்தும் மாறாமல், முழுதாக எடுத்துப் போடுங்கள். ஆணா பெண்ணா என்று பெயரை வைத்துத் தெரியாவிட்டால் மிஸ்டரும் மிஸ்ஸும் இல்லாமல் டியர் என்பதற்குப் பின்னால் அந்த முழுப் பெயர் மட்டும். சிங்களப் பெயர்களிலும் ஆபிரிக்கப் பெயர்களிலும் எனக்கே இது அடிக்கடி வரும் சங்கடம். அப்படித் தொடங்கினாலும் முடிவு சின்சியர்லிதான்.

இதே சங்கடம் உங்களுக்குப் பதில் எழுதப்போகிறவருக்கும் உண்டு. கீழே முதலெழுத்தும் பெயரும் மட்டும் இருந்தால் அவர் சேரா மிஸ்ஸா என்று தடுமாறுவார். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் மிஸ், மிஸ்டர் என்று போடுகிற பழைய வழக்கம் இன்னும் பிரயோசனமானது. பழசு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்க, கனேடிய வாசகருக்கு யுவர்ஸை விட்டுவிட்டு சின்சியர்லி என்ற ஒரு சொல் போதும். பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே அது ஓடும். கனடா மாமா சொன்னது இதைத்தான்.

எழுதும் விதத்தில் ஒரு விஷயம். கீழே இருக்கும் நாலில் முதலாவது மட்டும்தான் சரி:

```
Yours sincerely,
Your's sincerely,
Yours Sincerely,
Yours sincerly,
```

இரண்டாவதில் இருக்கும் மேற்கோள் குறி எங்கள் கடைகளில் ரைப் அடிக்கும் கடிதங்களில் சர்வ சாதாரணம். மூன்றாவதில் இரண்டாம் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. முதற் சொல் மட்டும் பெரிய எழுத்து என்பதுதான் முறை. நாலாவதில் ஒரு எழுத்து விழுந்துவிட்டது. காற்புள்ளி போடலாம், விடலாம். ஆனால் தொடக்க வரியில் போட்டால் முடிவிலும் போட வேண்டும், அங்கே விட்டால் இங்கேயும் விட வேண்டும்.

## ரிகார்ட்ஸ் வகைகள்

வெறும் ரிகார்ட்ஸ், பெஸ்ட் ரிகார்ட்ஸ், கைண்ட் ரிகார்ட்ஸ், வார்ம் ரிகார்ட்ஸ். இந்த வரிசையில் சூடு கூடிக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்ளலாம், என்றாலும் நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எதைப் போட்டாலும் ஒன்றுதான்.

மெயிலுக்கு இதைவிட வசதியான முடிவு இல்லை. விண்ணப்பம் போய்விட்டது, நேர்முகப் பரீட்சைக்கு நாள் தந்திருக்கிறார்கள், வருகிறேன் என்று உறுதிப்படுத்துகிறீர்கள் என்றால், அங்கே கைண்ட் ரிகார்ட்ஸ் கச்சிதமாக உட்காரும். மின்னஞ்சலிலேயே விண்ணப்பம் கேட்கிற தனியார் கொம்பனிக்கு முதல் மெயிலிலும் இதைப் போட்டால் குறை சொல்ல மாட்டார்கள். என் எண்ணம் என்னவென்றால், முதல் மெயிலில் சின்சியர்லி போடுவது ஒரு சதமும் செலவில்லாத பாதுகாப்பு.

எங்கே பிழைக்கும்? தாளில். கையொப்பத்துக்கு இடம் விட்டு, உறையில் போட்டு அனுப்புகிற கடிதத்தின் அடியில் ரிகார்ட்ஸ் இருந்தால் மெயிலை அச்சடித்து அனுப்பியது போலத் தெரியும். மற்றது, வெறும் ரிகார்ட்ஸ். நாலு மெயிலில் கைண்ட் ரிகார்ட்ஸ் போட்டுவிட்டு, சம்பளத்தைப் பற்றிக் கேட்கிற ஐந்தாவதில் திடீரென வெறும் ரிகார்ட்ஸுக்கு இறங்கினால், நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று வாசிப்பார்கள். உங்களுக்கு அந்த எண்ணமே இல்லாமலும் இருக்கலாம். வார்ம் ரிகார்ட்ஸை ஏற்கெனவே பழகிய ஆளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஜி.டி.எஸ்., பி.ஆர். என்று சுருக்கி எழுதுவது, வேலைக்குச் சேர்ந்து பக்கத்து மேசைக்காரருக்கு மெயில் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

## நன்றி சொல்லி முடிப்பது

பூமராங் என்ற மெயில் மென்பொருள் கொம்பனி 2017இல் 3.5 இலட்சத்துக்கும் மேற்பட்ட மெயில் தொடர்களை எடுத்து, எந்த முடிவுக்குப் பதில் கூட வருகிறது என்று எண்ணிப் பார்த்தது. 'தாங்க்ஸ் இன் அட்வான்ஸ்' என்று முடிந்தவற்றில் சுமார் 66 வீதத்துக்குப் பதில் வந்திருந்தது. 'பெஸ்ட்' என்று முடிந்தவற்றில் சுமார் 51 வீதம். நன்றி கூறும் முடிவுகள் எல்லாமே மேலே நின்றன.

இதைக் கேட்டதும் எல்லா விண்ணப்பத்திலும் முன்கூட்டிய நன்றியைப் போட்டுவிட வேண்டாம். அவர்கள் எண்ணியது ஒருவருக்கொருவர் உதவி கேட்கிற குழுக்களின் மெயில்களை. அங்கே நன்றி என்று முடிப்பவர் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு வந்தவர், கேள்விக்குப் பதில் வருவது இயல்பு. வேலை தரப்போகிறவரிடம் 'முன்கூட்டிய நன்றி' என்றால், நான் கேட்டதை நீங்கள் செய்யத்தான் போகிறீர்கள் என்று சொன்ன மாதிரி. உங்களைவிட மூத்தவரிடம் அது சரிவராது. நேர்முகப் பரீட்சை எந்த மாடியில் என்று கேட்கிற மெயிலில் தாங்க் யூ என்று முடியுங்கள், அது போதும்.

## மற்றவை, சுருக்கமாக

யுவர்ஸ் ஒபீடியன்ட்லி அதிபருக்கு எழுதிய லீவுக் கடிதத்தோடு முடிந்துவிட்ட விஷயம். சில பெரியவர்கள் இன்னும் பிள்ளைகளைக் கொண்டு இதை எழுதுவிக்கிறார்கள். வேலைக் கடிதத்தில் வேண்டாம். ரெஸ்பெக்ட்ஃபுலி மதகுருமாருக்கும் உயர் பதவியில் இருப்பவர்களுக்கும் எழுதுவது. ஆயர் இல்லத்துப் பாடசாலைக்கு விண்ணப்பித்தால்கூட நான் ஃபெய்த்ஃபுலியைத்தான் போடுவேன். பெஸ்ட், சியர்ஸ் இரண்டும் அவர்கள் முதலில் போட்டால் பார்க்கலாம்.

## கொம்பனியை எப்படி அளப்பது

கட்டடத்தின் அளவை வைத்து அளக்காதீர்கள். அவர்கள் எழுதிய ஆங்கிலத்தை வைத்து அளவுங்கள். விளம்பரம் 'விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன' என்ற தோரணையில் இருந்தால் அது சேர் போடும் இடம். 'எங்களோடு வந்து சேருங்கள், சி.வி.யைத் தட்டிவிடுங்கள்' என்ற தோரணையில் இருந்தால் பெயர் சொல்லிப் பேசும் இடம். விண்ணப்பம் போகிற மெயில் முகவரி ஒரு பிரிவின் பெயரிலா, ஒரு ஆளின் பெயரிலா என்பதும் சொல்லும். ஆளின் பெயர் என்றால், தொடக்கத்தில் போடப் பெயர் கிடைத்துவிட்டது.

முதல் கடிதத்தில் அவர்களைவிட ஒரு படி கூடிய மரியாதையில் நில்லுங்கள். பதில் வந்ததும் அதன் அடியைப் பாருங்கள். அவர் பெஸ்ட் ரிகார்ட்ஸ் என்றால் நீங்களும் அதற்கு வரலாம். அவர் இன்னும் சின்சியர்லியில் நின்றால் நீங்கள் இறங்க வேண்டாம். முதலில் இறங்குவது அவர் வேலை.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு வகை இருக்கிறது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற எங்கள் ஆள் ஒருவர் இங்கே ஒரு சின்ன கந்தோரைத் திறந்திருப்பார். வாட்ஸ்அப்பில் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறீர்கள், அவரும் தங்கச்சி என்கிறார். அதற்காக விண்ணப்ப மெயிலை ஹாய் அண்ணா என்று தொடங்கி சியர்ஸ் என்று முடிக்க முடியாது. அந்த மெயிலை அவர் அப்படியே தன் கணக்காளருக்கோ பங்காளிக்கோ அனுப்பிவைப்பார். வாசிக்கிற இரண்டாவது ஆளுக்கு நீங்கள் தங்கச்சி இல்லை. மெயிலில் முழுப் பெயரும் சின்சியர்லியும், வாட்ஸ்அப்பில் அண்ணா.

## ஒரே பிள்ளை, மூன்று கடிதம்

கோண்டாவிலில் இருக்கும் ஒரு பிள்ளை கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா முடித்துவிட்டு மூன்று இடத்துக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சி.வி. ஒன்றுதான்.

முதலாவது, ஒரு தனியார் பாடசாலையின் நிதிப் பிரிவு. பத்திரிகை விளம்பரத்தில் முகாமையாளர் என்று மட்டும் இருக்கிறது, பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பாடசாலைக்கு ஒரு கோல் எடுத்து முகாமையாளரின் பெயரைக் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் இங்கே அவசியமில்லை, பதவிக்கு எழுதுவதையே அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். சேர்/மடம், ஃபெய்த்ஃபுலி. அதன் கீழே நாலு வரி அளவுக்கு இடம் விட்டு அதில் கையொப்பம், அதற்கும் கீழே பெயரும் அடைப்புக்குறிக்குள் மிஸ்ஸும்.

இரண்டாவது, ஒரு சர்வதேச அரச சார்பற்ற நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கந்தோர். விளம்பரத்தில் மனிதவள இணைப்பாளரின் பெயரும் மெயில் முகவரியும் உண்டு. வெளிநாட்டுப் பெயர், ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. டியர், முழுப் பெயர், யுவர்ஸ் சின்சியர்லி. மூன்று நாளில் பதில் வருகிறது: அவளுடைய பெயரை மட்டும் போட்டுத் தொடங்கி, பெஸ்ட் என்று முடிந்து, அடியில் அவர் தன் முதற்பெயரை மட்டும் போட்டிருக்கிறார். இப்போது அவளும் அவருடைய முதற்பெயரைப் போட்டுத் தொடங்கலாம், கைண்ட் ரிகார்ட்ஸ் என்று முடிக்கலாம். பெஸ்ட் வரை போக வேண்டியதில்லை. முதற்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சமாக இருந்தால் முழுப் பெயரிலேயே தொடரலாம், ஆனால் டியர் சேருக்குத் திரும்பிப் போனால் அவர் காட்டிய நெருக்கத்தை மறுத்தது போலாகிவிடும்.

மூன்றாவது, அமெரிக்காவில் வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் ஒரு மென்பொருள் கொம்பனி. கணக்கு எழுத ஆள் தேடுகிறது. விளம்பரமே ஹாய் என்று தொடங்குகிறது, நேர்காணல் நடத்தப்போவது அங்கிருக்கும் ஒருவர். டியர், அவருடைய பெயர், அடியில் சின்சியர்லி என்ற ஒரு சொல். இங்கே ஃபெய்த்ஃபுலி போட்டிருந்தால் ஆங்கிலம் நல்லது, ஆனால் ஆள் சரியான இறுக்கம் என்று நினைக்க இடமிருக்கிறது. நேர்காணல் முடிந்த அன்றோ அடுத்த நாளோ மூன்று வரியில் ஒரு நன்றி மெயில் அனுப்புவது அமெரிக்க வழக்கம். அதன் முடிவு பெஸ்ட் ரிகார்ட்ஸ்.

மூன்றையும் ஒரே ஜிமெயிலில் இருந்து அனுப்பும்போது ஒரு பொறி இருக்கிறது. கையொப்பப் பகுதியில் முன்பு எப்போதோ ரிகார்ட்ஸ் என்று எழுதி வைத்திருப்பீர்கள். மெயிலில் சின்சியர்லி போட்டு முடித்தால் அதன் கீழே அந்த ரிகார்ட்ஸ் தானாக வந்து உட்காரும். ஒரு கடிதத்துக்கு இரண்டு முடிவு. கணினியில் `See all settings` என்பதற்குள் `General` பக்கத்தில் `Signature` இருக்கிறது. கைபேசிச் செயலியில் இருக்கும் `Mobile signature` வேறானது, அதையும் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டிலும் முடிவு வரியை எடுத்துவிட்டு, பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் வையுங்கள். இலக்கத்தை முதற் பூச்சியம் இல்லாமல் +94 போட்டு எழுதினால், வெளியில் இருந்து கோல் எடுப்பவருக்கும் சுகம்.